கீல் பக்கம் கதவைத் தள்ளினால் கூடுதல் விசை ஏன்? அளந்து பார்த்ததில் எழுந்த இரண்டு ஐயங்கள்

வைகைக்கரை

எங்கள் அலுவலக முகப்பில், தரைக்குள் ஃப்ளோர் ஸ்பிரிங் பொருத்தப்பட்ட கனமான கண்ணாடிக் கதவு ஒன்று உள்ளது. கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. கைப்பிடிப் பக்கம் எளிதில் திறக்கும் இக்கதவு, சுவரை ஒட்டிய பக்கத்தில் அசைய மறுப்பதைப் பார்த்து, எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அளக்க முயன்றேன். கண்ணாடித் தகடுகளைத் தூக்கப் பயன்படும் வேக்கம் கைப்பிடியைக் கதவில் ஒட்டி, அதில் பயணப்பெட்டி எடை பார்க்கும் தராசை மாட்டினேன். கதவு ஏறத்தாழ 30 பாகை திறந்திருக்கும் நிலையில், கதவின் பரப்புக்குச் செங்குத்தாக, மிக மெதுவாக இழுத்தேன்.

சுவர்ப் பக்க விளிம்பிலிருந்து 80 செ.மீ. தொலைவில் தராசு 2.1 கிலோ காட்டியது. 40 செ.மீ. தொலைவில் 4.6 கிலோ, 20 செ.மீ. தொலைவில் 11.8 கிலோ.

திருப்பு விசை என்பது விசையையும் தொலைவையும் பெருக்கக் கிடைப்பது என்றும், அதே கதவை அதே நிலையில் திறக்க அப்பெருக்கல் தொகை மாறாமல் இருக்க வேண்டும் என்றும் படித்திருக்கிறோம். ஆனால் எனக்குக் கிடைத்தவை 168, 184, 236. இவை சமமாக இல்லாதது மட்டுமின்றி, சுவரை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போகின்றன. இது முதல் ஐயம்.

இரண்டாவது ஐயம் இதைவிட அடிப்படையானது. கதவும் அதே கதவு, ஸ்பிரிங்கும் அதே ஸ்பிரிங். அப்படியிருக்க, 2 கிலோ போதுமான வேலைக்கு நான் 12 கிலோ விசை கொடுக்கும்போது, மிகுதியான 10 கிலோ எங்கே போகிறது? சூத்திரம் விடையின் அளவைத் தருகிறதே தவிர, காரணத்தைத் தரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நெம்புகோல்

உங்கள் முதல் ஐயத்துக்குக் காரணம் உராய்வுதான் என்று நினைக்கிறேன். அச்சுக்கு அருகில் இழுக்கும்போது உங்கள் விசை பெரிதாகிறது, அந்தப் பெரிய விசை அச்சை அதன் குழியில் அழுத்துகிறது, அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். எனவே ஸ்பிரிங்கை வெல்வதோடு, நீங்களே உண்டாக்கிய உராய்வையும் வெல்ல வேண்டியிருக்கிறது. பெருக்கல் தொகை கூடிக்கொண்டே போவது இதனால்தான். மிகுதியான 10 கிலோ எங்கே போகிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை: அது உராய்வில் வீணாகிறது.

கோணமானி

நெம்புகோல் அவர்கள் சொல்லும் விளைவு உண்மையிலேயே உண்டு. ஆனால் அதன் அளவைப் போட்டுப் பார்த்த பிறகுதான் காரணமாக ஏற்க முடியும். இத்தகைய கதவின் அச்சுத் தண்டு ஏறத்தாழ 1 செ.மீ. ஆரம் கொண்டது என்றும், உராய்வுக் கெழு 0.2 என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 11.8 கிலோ விசை அச்சை அழுத்தினால், அதனால் எழும் உராய்வின் திருப்பு விசை 11.8 × 0.2 × 1, அதாவது சுமார் 2.4 கிலோ-செ.மீ. மட்டுமே. வைகைக்கரையின் அளவீடுகளிலோ 168-க்கும் 236-க்கும் இடையே 68 வேறுபாடு இருக்கிறது. உராய்வு அதில் ஒரு சிறு பங்கைக்கூட விளக்கவில்லை. உராய்வு அச்சுத் தண்டின் பரப்பில் நிகழ்வது. அந்தப் பரப்பு சுழல் மையத்துக்கு மிக அருகில் இருப்பதால், உராய்வு விசை பெரிதாக இருந்தாலும் அதன் திருப்பு விசை சிறிதாகவே இருக்கும்.

உண்மையான காரணம் தொலைவை எங்கிருந்து அளந்தார் என்பதில் இருக்கிறது என்று கருதுகிறேன். மரக் கதவில் கீல் விளிம்பிலேயே இருக்கும். ஃப்ளோர் ஸ்பிரிங் கதவில் அப்படியில்லை. அது சுழலும் அச்சு விளிம்பிலிருந்து சில செ.மீ. உள்ளே தள்ளியிருக்கும். விளிம்பிலிருந்து அச்சு வரையுள்ள தொலைவு x என்றால், 80 செ.மீ. இடத்தின் உண்மையான தொலைவு 80 − x, 20 செ.மீ. இடத்தின் உண்மையான தொலைவு 20 − x. இரண்டு இடங்களிலும் திருப்பு விசை சமமாக இருக்க வேண்டும்:

2.1 × (80 − x) = 11.8 × (20 − x)

இதைத் தீர்த்தால் x = 7 செ.மீ. கிடைக்கிறது. இரண்டு அளவீடுகளை வைத்துக் கண்ட இந்த எண் சரியா என்பதை மூன்றாவது அளவீடு சொல்ல வேண்டும். 40-இல் 7 போனால் 33, அதை 4.6-ஆல் பெருக்க 152. மற்ற இரண்டும் 153. பயணப்பெட்டித் தராசுக்கு இதைவிட நல்ல ஒப்புமையை எதிர்பார்க்க முடியாது. எனவே அந்தக் கதவை அந்நிலையில் நகர்த்தத் தேவையான திருப்பு விசை 153 கிலோ-செ.மீ., அதாவது ஏறத்தாழ 15 நியூட்டன்-மீட்டர்.

கதவைப் பிரித்துப் பார்க்காமலேயே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. என் கணக்கு சரியென்றால், விளிம்பிலிருந்து 7 செ.மீ. வரையுள்ள பகுதி அச்சுக்கு மறுபக்கத்தில் இருக்கிறது. அங்கே இழுத்தால் கதவு எதிர்த்திசையில் திரும்ப முயல வேண்டும். விளிம்பிலிருந்து 2 செ.மீ. தொலைவில் கையை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பாடநூல்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. நீங்கள் ஒரு கையால் இழுப்பதாக நினைக்கிறீர்கள். ஆனால் கதவின் மேல் இயங்குவது ஒரு விசை அன்று. நீங்கள் 11.8 கிலோ விசையால் உங்கள் பக்கம் இழுக்கும்போது, கதவு மொத்தமாக உங்களை நோக்கி வந்துவிடவில்லை. ஏன்? அச்சு அதே 11.8 கிலோ விசையால் எதிர்த்திசையில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆக, கதவைத் திருப்புவது உங்கள் கையும் அச்சும் சேர்ந்த ஓர் இரட்டை. ஒன்று இப்பக்கம், மற்றொன்று அப்பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. ஸ்பிரிங் கேட்பது விசையை அன்று, 15 நியூட்டன்-மீட்டர் அளவுள்ள ஒரு திருப்பலை. இரட்டையின் இடைவெளி 73 செ.மீ. என்றால் இருபுறமும் 2.1 கிலோ போதும். இடைவெளி 13 செ.மீ. ஆகச் சுருங்கிவிட்டால், அதே திருப்பலைத் தர இருபுறமும் 11.8 கிலோ வேண்டும்.

மிகுதியான 10 கிலோ எங்கும் போய் மறையவில்லை. அச்சு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வீணாகவும் இல்லை. அச்சு தன் இடத்திலிருந்து நகராததால் அது எந்த வேலையும் செய்வதில்லை. கதவை 60 பாகை திருப்பும்போது, 73 செ.மீ. தொலைவில் உங்கள் கை ஏறத்தாழ 76 செ.மீ. வளைந்த பாதையில் போகிறது, 13 செ.மீ. தொலைவில் 13.6 செ.மீ. மட்டுமே போகிறது. திருப்பு விசை வழிநெடுக மாறாது என்று எளிமைக்காகக் கொண்டால், விசையையும் பாதையையும் பெருக்க இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ 15.7 ஜூல் வருகிறது. உண்மையான ஸ்பிரிங்கின் விசை கோணத்துக்கேற்ப மாறும். அதனால்தான் வைகைக்கரை ஒரே கோணத்தில் அளந்தது மிகவும் சரியான முறை.

நெம்புகோல்

உராய்வைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கை ஏற்கிறேன். ஆனால் கையை அச்சுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனால் என் கருத்து வலுப்பெறும் அல்லவா?

கோணமானி

ஆம், ஓர் எல்லையில் நீங்கள் சொல்வதே முழுமையாக வெல்லும். அதே எண்களை வைத்துக்கொண்டால், உராய்வுக் கெழுவையும் தண்டின் ஆரத்தையும் பெருக்க 0.2 செ.மீ., அதாவது 2 மி.மீ. வருகிறது. அச்சின் மையத்திலிருந்து 2 மி.மீ.க்கும் குறைவான தொலைவில் ஒரு விசை இயங்கினால், அதை எவ்வளவு கூட்டினாலும் கதவு திரும்பாது. நீங்கள் கூட்டும் திருப்பு விசையைவிட, அதனால் கூடும் உராய்வின் திருப்பு விசை பெரிதாக இருக்கும். இயந்திரப் பொறியியலில் இதற்கு உராய்வு வட்டம் என்று பெயர். கதவைத் தள்ளுபவருக்கு இது பயன்படுவதில்லை, ஏனெனில் உள்ளங்கை அதைவிட மிகப் பெரிது.

வைகைக்கரை

இன்று காலை சோதித்தேன். விளிம்பிலிருந்து 2 செ.மீ. இடத்தில் இழுத்தபோது கதவு மூடும் திசையில் அழுந்தியது. அதே இடத்தில் தள்ளியபோது, பெரும் சிரமத்துடன், மறுமுனை என்னை நோக்கி வந்தது. தரையிலுள்ள மூடித்தகட்டை எடுத்துவிட்டு அளந்ததில், தண்டின் மையம் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 7 செ.மீ. உள்ளே இருக்கிறது. மூன்று எண்களிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் அச்சின் இடத்தைச் சொல்ல முடிந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்கள் கைப்பிடியைக் கவனிக்காமல் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, "கதவு பூட்டியிருக்கிறது" என்று திரும்பிப் போவதற்கும் இப்போது காரணம் புரிகிறது. அவர்கள் கை பாதி அச்சுக்கு இப்பக்கமும் பாதி அப்பக்கமும் இருந்திருக்கிறது.

பிச்சிப்பூ

எங்கள் வீட்டுக் கதவும் இப்படித்தான். மழைக்காலம் வந்தால் பின்வாசல் மரக் கதவைத் திறக்கவே முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துத்தான் இழுக்கிறேன், கீலுக்கு அருகில் இல்லை. இருந்தாலும் முழு பலமும் வேண்டியிருக்கிறது. கீலுக்கு எண்ணெய் விட்டும் பயனில்லை. திருப்பு விசைக் கணக்குப்படி இது எளிதாக இருக்க வேண்டுமே?

உளிச்சத்தம்

அம்மா, உங்கள் கதவின் சிக்கல் வேறு. மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் உப்பியிருக்கும். அல்லது மேல் கீலின் திருகுகள் தளர்ந்து கதவு முன்பக்கம் சாய்ந்திருக்கும். எதுவாக இருந்தாலும் கதவு உரசுவது கீலில் அன்று, பூட்டுப் பக்கத்து நிலையிலோ கீழ்முனையிலோதான். எண்ணெய் விட்ட இடத்தில் உரசல் இல்லை என்பதால்தான் பயன் தெரியவில்லை.

உரசும் இடத்தைக் கண்டறிய, கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மேலிருந்து கீழாக நகர்த்திப் பாருங்கள். எங்கே தாள் சிக்குகிறதோ அங்கேதான் உரசுகிறது. கதவின் விளிம்பு அந்த இடத்தில் பளபளவென்று தேய்ந்தும் இருக்கும். திறக்கும்போது கைப்பிடியைச் சற்று மேல்நோக்கித் தூக்கிக்கொண்டே இழுத்தால் எளிதாகிறது என்றால், கதவு சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது மேல் கீலின் திருகுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இழைப்புளியை எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் இழைத்துவிட்டால் கோடையில் இடைவெளி விழும்.

கோணமானி

உளிச்சத்தம் அவர்கள் சொன்னதைத் திருப்பு விசையாகவும் பார்க்கலாம். கீலில் 10 கிலோ உராய்வு இருந்தால், அது அச்சின் மையத்திலிருந்து அரை செ.மீ. தொலைவில்தான் இயங்கும், 80 செ.மீ. தொலைவிலுள்ள கைப்பிடியில் அது 60 கிராம் அளவுக்குத்தான் தெரியும். அதே 10 கிலோ உராய்வு கதவின் வெளி விளிம்பில் நிகழ்ந்தால், கைப்பிடியில் முழு 10 கிலோவுக்கும் மேல் கேட்கும். அங்கே தடைக்கும் உங்கள் கைக்கும் அச்சிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவு. கைப்பிடி தந்த நன்மை முழுவதும் போய்விடுகிறது.

அணில்வால்

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். என் ஐயம் இது: ஸ்பிரிங்கே இல்லாத, எண்ணெய் விட்ட சாதாரண மரக் கதவை எடுத்துக்கொண்டால், அதைத் திறக்க எந்த விசையும் தேவையில்லை அல்லவா? மிகச் சிறிய விசைகூட அதை நகர்த்த வேண்டும். அப்படியிருந்தும் அதைக் கீலுக்கு அருகில் குத்தினால் சுவரைக் குத்தியதுபோல் இருக்கிறதே, ஏன்?

கோணமானி

நல்ல கேள்வி, தம்பி. உராய்வு இல்லாத கதவு எவ்வளவு சிறிய விசைக்கும் நகரும். அங்கே "எவ்வளவு விசை வேண்டும்" என்ற கேள்வி "எவ்வளவு விரைவில் நகர வேண்டும்" என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

24 கிலோ எடையும் 90 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு கதவை எடுத்துக்கொள். சீரான பலகையின் நிலைமத் திருப்புத்திறன், நிறையையும் அகலத்தின் இருமடியையும் பெருக்கி மூன்றால் வகுத்தால் வருவது. இக்கதவுக்கு 6.48 கிலோகிராம்-மீட்டர் இருமடி. இப்போது உன் கை அச்சிலிருந்து r தொலைவில் தள்ளுகிறது. உன் கைக்குக் கதவு எவ்வளவு நிறையுள்ள பொருளாகத் தோன்றும் என்று கேட்டால், அந்த 6.48-ஐ r-இன் இருமடியால் வகுக்க வேண்டும். வெளி விளிம்பில், 90 செ.மீ. தொலைவில், விடை 8 கிலோ. 24 கிலோ கதவு அங்கே 8 கிலோ பொருளைப் போல நடந்துகொள்கிறது. 9 செ.மீ. தொலைவில் விடை 800 கிலோ.

தொலைவு பத்தில் ஒரு பங்காகும்போது நிறை பத்து மடங்கு ஆகவில்லை, நூறு மடங்கு ஆகிறது என்பதைக் கவனி. ஒரு பத்து மடங்கு, திருப்பு விசையின் தொலைவு குறைந்ததால் வருவது. மற்றொரு பத்து மடங்கு, உன் முட்டி ஒரு செ.மீ. நகர வேண்டுமானால் கதவின் மறுமுனை பத்து செ.மீ. நகர்ந்தாக வேண்டும் என்பதால் வருவது. குத்து நொடியின் ஒரு சிறு பங்கில் முடிந்துவிடுகிறது. அதற்குள் 800 கிலோ பொருளை நகர்த்த முடியாது. அதனால்தான் அது சுவராகத் தெரிகிறது. அதே இடத்தில் விரலை வைத்துப் பொறுமையாக அழுத்திக்கொண்டே இரு. கதவு மெல்லத் திறக்கும்.

உளிச்சத்தம்

இதை எழுதத்தான் நான் இந்த இழைக்குள் வந்தேன். நான் வேலை செய்த வீடுகளில் கதவுகள் கெடுவதற்குப் பெரிய காரணம், காற்றில் திறந்த கதவு நிற்பதற்காகக் கீல் பக்கத்தில் வைக்கப்படும் தடுப்புதான். சிலர் கீலுக்கு ஒரு சாண் தொலைவில் டோர் ஸ்டாப்பரைப் பொருத்துகிறார்கள். சிலர் கல்லை வைக்கிறார்கள். சில மாதங்களில் கீலின் திருகுகள் மரத்தோடு பிய்ந்துகொண்டு வந்துவிடும். வீட்டுக்காரர்கள் கீல் தரமில்லை என்பார்கள். அதே கீலைப் போட்டு, ஸ்டாப்பரை வெளிப்பக்கம் நகர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது குழந்தைகளின் விரல். மரக் கதவு திறந்திருக்கும்போது கீல் பக்கத்தில் நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுகிறது. குழந்தை அங்கே விரலை வைத்திருக்க, மறுபக்கம் யாரோ கைப்பிடியைப் பிடித்துச் சாதாரணமாக மூடினால், அது பாக்குவெட்டிக்குள் பாக்கு இருப்பதைப் போலத்தான்.

கோணமானி

அதன் அளவைச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன். கைப்பிடியில் 80 செ.மீ. தொலைவில் 5 கிலோ விசை கொடுத்தால், அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் சிக்கிய பொருளின் மேல் 400 கிலோ வரை அழுத்தம் வரலாம். கதவும் கீலும் சற்று வளைந்துகொடுப்பதால் நடைமுறையில் அது குறையலாம், ஆனால் எலும்பை நசுக்க அதில் ஒரு பங்கே போதும். மூடுபவரின் கைக்கு எந்தத் தடையும் தெரிவதில்லை என்பதுதான் இதில் மிகவும் ஆபத்தானது. கீல் பக்க இடைவெளியை மறைக்கும் நெகிழி விரல்காப்புப் பட்டைகள் கிடைக்கின்றன. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றைப் பொருத்துங்கள்.

ஸ்டாப்பரைப் பொறுத்தவரை, வேகமாக வந்து மோதும் கதவின் உந்தத்தை ஒன்று என்று கொள்வோம். ஸ்டாப்பர் வெளி விளிம்பில் இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கை அது வாங்கிக்கொள்ளும், மீதி ஒரு பங்கு கீல்களுக்குப் போகும். கீலிலிருந்து அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் இருந்தால், முழுவதையும் ஸ்டாப்பரே வாங்கிக்கொள்ளும். கீல்களில் அதிர்ச்சியே இராது. கால் பங்கு தொலைவில் இருந்தாலோ, ஸ்டாப்பரில் இரண்டே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும், கீல்களில் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும், அதுவும் திருகுகளைப் பிடுங்கும் திசையில், அடி விழும். நீங்கள் கண்ட பிய்ந்த திருகுகளுக்கு இதுவே காரணம்.

நெம்புகோல்

அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு தொலைவுதான் சிறந்த இடம் என்று முடிவு செய்துவிடலாமா?

உளிச்சத்தம்

நான் அப்படிச் செய்வதில்லை. வெளி விளிம்பிலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளித்தான் வைப்பேன். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கதவு ஒரு முறை மோதிவிட்டு நிற்பதில்லை. காற்று மணிக்கணக்கில் அதை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது ஸ்டாப்பர் வெளியே இருந்தால் அதன் மேல் சுமை குறைவு, தரையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாது.

கோணமானி

தொடர்ந்து அழுத்தும் காற்றுக்கு நீங்கள் சொல்வது பொருந்துகிறது. காற்றின் விசை கதவின் நடுவில் இயங்குவதாகக் கொள்ளலாம். வெளி விளிம்பில் ஸ்டாப்பர் இருந்தால் அது பாதியைத் தாங்கும், கீல்கள் பாதியைத் தாங்கும். மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் இருந்தால் ஸ்டாப்பர் முக்கால் பங்கைத் தாங்க வேண்டும். ஆனால் ஓங்கி அடிக்கும் கதவுக்கு என் இடமே மேல் என்று இன்னும் கருதுகிறேன். தவிர, தரையில் வைக்கும் ஸ்டாப்பர் கதவின் கீழ்முனையை மட்டும் நிறுத்துவதால், மேற்பகுதி தொடர்ந்து ஓடப் பார்த்து மேல் கீலை முறுக்கும். அதை நான் மேலே போட்ட கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை.

அணில்வால்

ஐயா, இன்னொன்று. இரண்டு இடங்களிலும் வேலை 15.7 ஜூல்தான் என்றீர்கள். ஆனால் 13 செ.மீ. இடத்தில் இழுத்தால் கை மிகவும் சோர்ந்துபோகிறதே?

கோணமானி

15.7 ஜூல் என்பது கதவு பெற்றுக்கொண்டது. உன் தசை செலவிடுவது வேறு கணக்கு. கனமான பையை அசையாமல் தூக்கிப் பிடித்திருந்தாலும் பைக்கு எந்த வேலையும் செய்யப்படுவதில்லை, ஆனால் தோள் வலிக்கும். தசை விசையைத் தாங்கிக்கொண்டிருப்பதற்கே ஆற்றலைச் செலவிடுகிறது. 11.8 கிலோவை இழுக்கும்போது அந்தச் செலவு 2.1 கிலோவுக்கானதைவிடக் கூடுதல் என்பது உறுதி. அது எத்தனை மடங்கு என்பது நீ நிற்கும் விதம், முழங்கையின் மடிப்பு, இழுக்கும் வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது. திருப்பு விசைக் கணக்கிலிருந்து அதைப் பெற முடியாது.

பிச்சிப்பூ

தாளை வைத்துப் பார்த்தேன். பூட்டுக்குக் கீழே ஒரு முழம் தொலைவில் சிக்குகிறது. கைப்பிடியைத் தூக்கி இழுத்தால் எளிதாகத் திறக்கிறது. மேல் கீலில் இரண்டு திருகுகள் கையாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கின்றன. அதே திருகுகளை இறுக்கினால் போதுமா?

உளிச்சத்தம்

துளை பெரிதாகிப் போயிருந்தால் இறுக்கினாலும் பிடிக்காது, அம்மா. துளையில் மரக்குச்சியைப் பசை தடவி அடைத்து, காய்ந்தபின் முன்னைவிட நீளமான திருகைப் போடச் சொல்லுங்கள். முதலில் மேல் கீலை முடித்துவிட்டு, மழை நின்ற பிறகும் உரசினால் மட்டும் இழைக்கலாம்.